ஆழமா ஆணி குத்தினா டிடி மட்டும் போதுமா, இம்யூனோகுளோபுலினும் வேணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு. நேத்து சாயங்காலம் எரு கொட்டி வச்ச இடத்துல பழைய பலகைய தூக்கும்போது, அதுல இருந்த துருப்பிடிச்ச ஆணி ரப்பர் செருப்பையும் தாண்டி உள்ளங்கால்ல ஆழமா ஏறிடுச்சு. 24 மணி நேரம் ஆகப்போகுது, இனிமே ஊசி போட்டு பிரயோஜனம் இருக்கா? டாக்டர் டிடி கூட இன்னொரு ஊசியும் போடணும்ங்கறாங்க, அது எதுக்கு? சின்ன வயசுல தடுப்பூசி போட்டாங்களான்னு அப்பாவுக்கே தெரியல. எனக்கு குழந்தையில எல்லாம் போட்டாச்சு, கடைசியா 6 வருஷம் முன்னாடி ஒண்ணு போட்டேன். இதே ஆணி எனக்கு குத்தியிருந்தா என்ன பண்ணனும்?

பதில்: இன்னைக்கே கூட்டிட்டு போங்க, ரெண்டு ஊசியும் போட்டுக்கட்டும், உங்க டாக்டர் சொன்னது சரி. 24 மணி நேரம் தாண்டிட்டா வேஸ்ட்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்துது, அப்படி ஒரு கதவு அடைக்கிற கணக்கெல்லாம் டெட்டனஸ்ல கிடையாது. காயம் பட்டதுக்கப்புறம் நோய் வெளிய தெரிய சாதாரணமா 3 நாள்லேந்து 21 நாள் வரைக்கும் ஆகும், நிறைய பேருக்கு ஒரு வாரம் பத்து நாள்ல. அந்த இடைவெளியிலதான் நமக்கு வேலை செய்ய டைம் கிடைக்குது. நாலு நாள் கழிச்சு வந்தாலும் ஊசி போடத்தான் செய்வோம். அதுக்காக நாளைக்கு பாத்துக்கலாம்னு விடவும் கூடாது, ஏன்னு சொல்றேன்.

டெட்டனஸ் கிருமியோட விதை மாதிரியான ஸ்போர் மண்ணு, தூசி, மிருகங்களோட சாணம் எல்லாத்துலயும் இருக்கு. துருவுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, பளபளன்னு இருக்கிற புது ஆணியா இருந்தாலும் எரு மண்ணுல கிடந்துச்சுன்னா அதே ரிஸ்க்தான். அந்த ஸ்போர் முளைக்கறதுக்கு காத்து இல்லாத இடம் வேணும். ஆணி குத்தின காயம் மேல சின்ன புள்ளியா மூடிக்கும், உள்ள ஆழமா செத்த சதையும் அழுக்கும் இருக்கும், அதுக்கு இதவிட வசதியான இடம் கிடையாது. முளைச்ச கிருமி ஒரு விஷத்த வெளியேத்தும், அந்த விஷம் நரம்பு வழியா தண்டுவடத்துக்கு ஏறிப்போய் அங்க ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்ட விஷத்த எந்த ஊசியாலயும் பிரிச்சு எடுக்க முடியாது, நரம்புக்குள்ள போறதுக்கு முன்னாடி ரத்தத்துலயும் காயத்துலயும் சுத்திட்டு இருக்கிற விஷத்த மட்டும்தான் எதிர்ப்பு அணுக்களால செயலிழக்க வைக்க முடியும். அதனாலதான் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னு அவசரப்படுத்தறோம்.

இப்ப ரெண்டாவது ஊசி எதுக்குங்கற விஷயத்துக்கு வரேன். டிடி ஊசி உடம்புக்குள்ள எதிர்ப்பு சக்திய கொண்டு வந்து வைக்கறது இல்ல, அத எப்படி தயாரிக்கணும்னு உடம்புக்கு கத்துக்குடுக்குது. ஏற்கனவே 3 டோஸ் போட்டு பழகின உடம்புன்னா ஒரு பூஸ்டர் போட்டதும் பழைய ஞாபகம் வந்து சில நாள்லயே எதிர்ப்பு சக்தி மளமளன்னு ஏறிடும், நோய் தலைகாட்டறதுக்குள்ள அது ரெடியா நிக்கும். ஆனா முதல் தடவையா ஊசி பாக்கற உடம்புக்கு அந்த ஒரு டோஸ் பத்தாது, ரெண்டு வாரத்துக்கு மேல ஆகியும் அரைகுறையாதான் ஏறும், அடுத்த டோஸ் போட்டாதான் நம்பற அளவுக்கு வரும். அதுக்குள்ள ஆபத்தான அந்த 3 வாரம் ஓடிப்போயிடும். உங்க அப்பாவுக்கு டிடி மட்டும் போட்டு அனுப்பினா நடக்கறது இதுதான், ஊசி போட்டாச்சுங்கற நிம்மதி இருக்கும், இந்த காயத்துக்கு பாதுகாப்பு இருக்காது.

அந்த இடைவெளிய அடைக்கத்தான் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின், சுருக்கமா டிஐஜி. ஏற்கனவே தடுப்பூசி போட்டு எதிர்ப்பு சக்தி நிறைய இருக்கிற மனுஷங்களோட ரத்தத்துலேந்து பிரிச்சு எடுத்த ரெடிமேட் எதிர்ப்பு அணுக்கள் இது. போட்ட உடனே வேலைய ஆரம்பிக்கும், ஆனா உடம்பு இத தானா தயாரிக்கல இல்லையா, அதனால சுமார் 4 வாரத்துல கரைஞ்சு போயிடும். வழக்கமான அளவு 250 யூனிட், தசையில ஒரு ஊசி, பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் அதே அளவுதான். சில நாட்டு வழிகாட்டுதல்கள்ல 24 மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சுன்னாலோ காயத்துல அழுக்கு ரொம்ப அதிகம்னாலோ 500 யூனிட் போடச்சொல்றாங்க, உங்க அப்பா கேஸ்ல டாக்டர் 500 எழுதினா அதிகமா எழுதிட்டாங்கன்னு பயப்படாதீங்க.

ரெண்டையும் ஒரே நாள்ல போடலாம், போடணும். ஆனா ஒரே சிரிஞ்சுல கலந்தும் போடக்கூடாது, ஒரே இடத்துலயும் போடக்கூடாது, டிடி ஒரு கைல, டிஐஜி இன்னொரு கைல இல்ல தொடைல. பக்கத்துல பக்கத்துல போட்டா ரெடிமேட் அணுக்களே தடுப்பூசி மருந்த பிடிச்சு மட்டுப்படுத்திடலாம். நர்ஸ் எங்க எங்க போடறாங்கன்னு நீங்களும் பாத்துக்கோங்க, தப்பே இல்ல.

மனுஷ டிஐஜி கிடைக்காத இடத்துல குதிரை சீரத்துலேந்து எடுத்த பழைய ஊசி இருக்கும். அதுவும் பாதுகாப்பு குடுக்கும், ஆனா அலர்ஜி ஆபத்து அதிகம், போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் பாப்பாங்க, அப்பாவுக்கு ஆஸ்துமா, அலர்ஜி எது இருந்தாலும் கட்டாயம் சொல்லிடுங்க. போட்டு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தா அது அந்த ஊசியால இருக்கலாம், டாக்டர பாருங்க.

யாருக்கு எதுங்கறத முடிவு பண்ண நாங்க கேக்கறது ரெண்டே ரெண்டு கேள்விதான். காயம் எப்படிப்பட்டது, இதுவரைக்கும் எத்தனை டோஸ் போட்டிருக்கு. சுத்தமான சின்ன கீறல்னா டிஐஜி பேச்சே இல்ல, 3 டோஸ் முடிச்சவங்களுக்கு கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தா மட்டும் ஒரு பூஸ்டர், 3 டோஸ் முடியலன்னா டிடி போட்டு பாக்கிய முடிக்கணும். மண்ணு, சாணம் பட்ட காயம், ஆழமா குத்தினது, நசுங்கினது, தீக்காயம், கடி இந்த மாதிரி எல்லாத்துக்கும் 10 வருஷ கணக்கு 5 வருஷமா சுருங்கிடும். 3 டோஸ் முழுசா முடியாதவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் இந்த வகை காயத்துக்கு டிடியோட டிஐஜியும் சேரும். இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, எச்ஐவி இருக்கிறவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கு அழுக்கு காயம்னா டோஸ் எல்லாம் முடிச்சிருந்தாலும் டிஐஜி குடுத்துடுவோம், அவங்க உடம்பு பூஸ்டருக்கு சரியா பதில் சொல்லும்னு நம்ப முடியாது.

"தெரியல"ன்னா எங்க கணக்குல அது பூஜ்யம்தான். போட்டிருப்பாங்கன்னு யூகிச்சு விட்டுட்டு தப்பாயிடறதவிட ஒரு டோஸ் கூடுதலா போறதால நஷ்டம் இல்ல, கை ரெண்டு நாள் வீங்கி வலிக்கும், அவ்வளவுதான். வயசானவங்கள்ல ஆம்பளைங்கதான் இதுல அதிகமா மாட்டறாங்க, பொம்பளைங்களுக்கு கர்ப்ப காலத்துலயாவது ரெண்டு ஊசி போயிருக்கும், இவங்களுக்கு அந்த சான்ஸும் இல்ல. அப்பா ராணுவத்துல இருந்தவர்னா மட்டும் சொல்லுங்க, அங்க போட்டிருக்க வாய்ப்பு அதிகம், பழைய ரெக்கார்டு கிடைச்சா பாக்கலாம்.

சரி, அப்பாவோட கேஸ அடுத்து எப்படி கொண்டுபோறதுன்னு பாருங்க. இன்னைக்கு டிடி முதல் டோஸ், கூடவே டிஐஜி. இன்னையிலேந்து 4 வாரம் கழிச்சு ரெண்டாவது டிடி. அதுக்கப்புறம் 6லேந்து 12 மாசத்துக்குள்ள மூணாவது. டிஐஜி இந்த ஒரு தடவையோட சரி. நடைமுறைல எல்லாரும் கோட்ட விடறது அந்த ரெண்டாவது டோஸ்லதான், அதுக்குள்ள காயம் ஆறிடும், கால் வலி போயிடும், யாரும் திரும்ப வரமாட்டாங்க. ஆனா டிஐஜி கரையறதும் சரியா அந்த சமயத்துலதான், ரெண்டாவது டோஸ் போடலன்னா அப்பா மறுபடி கிட்டத்தட்ட ஆரம்பிச்ச இடத்துலயே நிப்பாரு. தேதிய இன்னைக்கே போன்ல அலாரமா வச்சிடுங்க. அப்படியும் லேட் ஆயிட்டா முதல்லேந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துலேந்து தொடரலாம்.

ஊசிய பத்தியே பேசிட்டு காயத்த விட்டுடக் கூடாது, உண்மையில பாதி வேலை அங்கதான். ஓடற தண்ணியிலயும் சோப்புலயும் நல்லா கழுவுங்க. செருப்ப தாண்டி குத்தினதால ரப்பர் துணுக்கு உள்ள மாட்டியிருக்கலாம், செருப்புல ஓட்டை போட்ட இடத்துல ரப்பர் பிஞ்சு போயிருக்கான்னு பாத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த செருப்பையே எடுத்துட்டு போனாலும் நல்லதுதான். ரப்பர் எக்ஸ்ரேல சரியா தெரியாது, ஸ்கேன் எடுக்கவோ திறந்து பாக்கவோ வேண்டியிருக்கலாம். ஆன்டிபயாடிக் எழுதிக்குடுத்தா அது சீழ் பிடிக்காம இருக்கறதுக்கு, அத சாப்பிடறோமே ஊசி எதுக்குன்னு கேக்காதீங்க, அது ஊசியோட வேலைய செய்யாது. ரெண்டு மூணு நாள்ல வலி குறையாம ஏறிட்டே போனா, பாதம் சிவந்து வீங்கினா திரும்ப காட்டுங்க, அப்பாவுக்கு சுகர் இருந்தா அவ்வளவு நாள்கூட காத்திருக்க வேண்டாம்.

அடுத்த 3 வாரத்துக்கு ஒரு கண்ணு வச்சிருங்க. வாய் முழுசா திறக்க முடியல, தாடை இறுகின மாதிரி இருக்கு, முழுங்க கஷ்டமா இருக்கு, கழுத்து விறைக்குது, காயத்த சுத்தி தசை துடிக்குது இல்ல இழுக்குதுன்னு சொன்னா உடனே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க. பல் வலியா இருக்கும், தூங்கும்போது கழுத்து சுளுக்கியிருக்கும்னு சிலர் ரெண்டு நாள் ஓட்டிடுவாங்க. அந்த நேரத்துல கால் காயம் ஆறி தழும்பா கூட ஆயிருக்கும், அதனால அத சம்பந்தப்படுத்தியே யோசிக்க மாட்டாங்க, டாக்டர்கிட்ட நீங்களா ஆணி குத்தின கதைய சொல்லணும்.

உங்க விஷயம் ரொம்ப சிம்பிள். குழந்தையில டோஸ் முடிச்சிருக்கீங்க, கடைசி ஊசி 6 வருஷம் முன்னாடி, அதனால இதே ஆணி உங்களுக்கு குத்தியிருந்தா 5 வருஷம் தாண்டினதால ஒரே ஒரு பூஸ்டர், டிஐஜி வேண்டாம். சுத்தமான கத்தி லேசா கிழிச்சிருந்தா அந்த பூஸ்டரும் வேண்டாம், இன்னும் 4 வருஷம் இருக்கு. ஒவ்வொரு கீறலுக்கும், ஆறு மாசத்துக்கு ஒருதடவைன்னு டிடி போட்டுக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, எதிர்ப்பு சக்தி ஏற்கனவே அதிகமா இருக்கும்போது அடிக்கடி போட்டா தோள்லேந்து முழங்கை வரைக்கும் கை வீங்கி வலிக்கிற ரியாக்ஷன் வரலாம். அதுக்கு பதிலா போட்ட தேதிய எழுதி ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க, அப்பாவுக்கும் சேர்த்து.