ஒரே கிரேடு, இரண்டு ஏணிகள்: பாயான் லெப்பாஸ் பொறியியலாளர் ஒருவரிடம் கேள்வி பதில்

பதில் அளிப்பவர் பினாங்கில் சிப் சோதனைத் துறையில் 24 ஆண்டுகளாகப் பணிபுரியும் பிரின்சிபல் இன்ஜினியர். இடையில் மூன்று ஆண்டுகள் மேலாளராகவும் இருந்தவர். இங்கே பேசப்படும் ஏணிகள் இரண்டு: ஆட்களை நிர்வகித்து உயரும் மேலாளர் ஏணி; தொழில்நுட்ப வேலையிலேயே ஸ்டாஃப், அதற்கு மேல் பிரின்சிபல் என்று உயரும் நிபுணர் ஏணி.

"அக்கா, 13 வருஷமா டெஸ்ட் இன்ஜினியரா இருக்கேன். ஒன்பது பேர் இருக்கும் பிரிவுக்கு மேனேஜரா வரச் சொல்றாங்க. வேண்டாம்னா அடுத்த வருஷம் ஸ்டாஃப் இன்ஜினியருக்கு முயற்சி பண்ணலாமாம். ரெண்டும் ஒரே கிரேடுதான். எதை எடுக்கட்டும்?" (பாயான் லெப்பாஸ்)

தம்பி, கிரேடு ஒன்றானாலும் அவை கைக்கு வரும் வழி வேறு. மேலாளர் பதவி என்பது ஒரு காலியிடம். நாற்காலி காலியானால் யாரேனும் ஒருவர் அதில் அமர்ந்தே ஆக வேண்டும். ஸ்டாஃப் பதவிக்கு அப்படி ஒரு நாற்காலி காத்திருப்பதில்லை. உங்கள் வேலையின் வீச்சு அந்த உயரத்தை எட்டிவிட்டது என்று ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் உங்களை நேரில் பார்த்திராத, வேறு நாட்டுத் தொழிற்சாலையில் இருக்கும் மூத்தவர்களும் பல நிறுவனங்களில் இடம்பெறுவார்கள். எனவே "அடுத்த ஆண்டு முயலலாம்" என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீச்சு என்றால் என்ன என்பதை உங்கள் துறையிலேயே காட்டுகிறேன். முதல் சோதனையில் தோற்கும் சிப்கள் மறுசோதனையில் தேறிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சோதனையின்போது சிப்பைப் பொருத்தும் சாக்கெட்டைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், ஊசிமுனைகளில் சிப்பின் கால்களிலிருந்து வந்த வெள்ளீயம் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கிறது. அதனால் தொடுமுனையின் மின்தடை ஏறியிருக்கிறது. ஊசிகளை மாற்றி அன்றைய உற்பத்தியைக் காப்பாற்றினால், அது நல்ல சீனியர் இன்ஜினியரின் வேலை. எத்தனை முறை தொட்ட பிறகு தடை ஏறத் தொடங்குகிறது என்று அளந்து, அதற்கு முன்பே சுத்தம் செய்யும் இடைவெளியை வகுத்து, ஊசித் தடையைக் கண்காணிக்கும் ஒரு சோதனையை டெஸ்ட் புரோகிராமிலேயே சேர்த்து, நீங்கள் இல்லாத இன்னொரு தொழிற்சாலையும் அதைத் தன் நடைமுறையாக ஏற்றுக்கொள்ளும்படி செய்தால், அது ஸ்டாஃப் இன்ஜினியரின் வேலை. கோளாறு ஒன்றுதான், உங்கள் தீர்வு எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதே கணக்கு.

ஆகவே முடிவெடுக்கும் முன் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறுங்கள். குழுவின் முன் உங்கள் பெயரை முன்மொழியப் போகிறவர் யார்? பினாங்குத் தளத்தில் கடைசியாக ஸ்டாஃப் ஆனவர்கள் எந்த வேலையைக் காட்டி ஆனார்கள்? அந்தப் படிக்கு மேல் இங்கேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்? உற்பத்தியும் சோதனையும் மட்டும் நடக்கும் தளங்களில் வடிவமைப்பு முடிவுகள் தலைமையகத்திலேயே எடுக்கப்படுவதால், ஏட்டில் உச்சிவரை நீளும் ஏணி இங்கே பாதியில் நின்றுவிடுவதுண்டு. முன்மொழிபவரின் பெயரைக் கூட உங்கள் மேலாளரால் சொல்ல முடியவில்லை என்றால், அது சுவரில் வரைந்த ஏணி. பெயரும் சொல்லி, உங்கள் கையில் வெளியே பரவிய வேலை ஒன்றாவது இருந்தால், ஓராண்டு காத்திருங்கள் என்பேன். எதைச் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள்; ஒரு மின்னஞ்சல் போதும்.

"மேடம், சுருக்கமாகச் சொல்லுங்கள், எதில் சம்பளம் அதிகம்?" (கோலாலம்பூர்)

ஒரே கிரேடு என்றால் அடிப்படைச் சம்பளத்தின் கீழ்வரம்பும் மேல்வரம்பும் பெரும்பாலும் ஒன்றே. உங்கள் மனிதவளப் பிரிவிடம் அந்த வரம்பைக் கேளுங்கள். வேறுபாடு மேலே போகப் போகத்தான் வருகிறது: பொதுவாக மூத்த மேலாளர் நாற்காலிகளின் எண்ணிக்கையைவிட பிரின்சிபல் பதவிகளின் எண்ணிக்கை குறைவு.

"நான் சிவில் இன்ஜினியர். நிபுணர் ஏணி என்றால் 'இர்' பட்டம் எடுப்பதுதானே?" (செபராங் பிறை)

அல்ல. அது 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் பொறியியலாளர் வாரியம் தரும் பதிவு. கட்டுமானத் திட்டங்களில் கையொப்பமிடும் உங்கள் துறையில் அதற்குத் தனி மதிப்புண்டு. ஆனால் நிறுவனத்தின் உள் ஏணியோடு அதைக் குழப்ப வேண்டாம். வாரியத்திடமே வழிமுறையைக் கேளுங்கள்.

"நிபுணர்களை ஆட்குறைப்பில் தொட மாட்டார்கள்; மேனேஜர்கள்தான் முதலில் போவார்கள். அதனால் நிபுணர் ஏணியே பாதுகாப்பு. சரிதானே அக்கா?" (பட்டர்வொர்த்)

பாதி சரி. அடுக்குகளைக் குறைக்கும்போது இடைநிலை மேலாளர்கள் அடிபடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தயாரிப்பு வரிசையே வேறு நாட்டுக்கு மாற்றப்படும்போது, அந்த வரிசையின் இயந்திரத்தை மட்டும் அறிந்த நிபுணரும் சேர்ந்தே வேலை இழக்கிறார். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்பில் பணிக்காலத்தையும் ஓர் அளவுகோலாகப் பார்க்கச் சொல்கிறது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவது என்பது வழக்கம். அது ஒரே வகைப் பணியில் இருப்பவர்களுக்கு இடையே பார்க்கப்படுவது. உங்கள் வகையில் நீங்கள் ஒருவர் மட்டுமே என்றால், ஒப்பிட ஆளில்லாத நிலையில் உங்கள் இருபது ஆண்டு மூப்பு அங்கே கைகொடுக்காது. இயந்திரத்தைவிட அளவியலையும் பழுது ஆய்வையும் உங்கள் நிபுணத்துவமாக வைத்துக்கொண்டால், வரிசை போனாலும் வேலை அடுத்த வரிசைக்கு வரும்.

"வங்கியில் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். மேனேஜராகப் போனவர் திரும்பி வர முடியாது, கை போய்விடும். உங்களைப் போல ஓரிருவர் விதிவிலக்கு." (கோலாலம்பூர்)

திரும்பி வந்தேன், ஆனால் எளிதாக வரவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் டெஸ்டரின் முன் அமர்ந்தபோது, மென்பொருளின் புதிய பதிப்பில் என் பழைய புரோகிராமைக் கூட என்னால் ஓட்ட முடியவில்லை. பழைய வேகத்துக்கு வர எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. என் கணக்கில் இரண்டு ஆண்டுக்குள் திரும்புவது நல்லது. மேலாளராகும்போதே, இன்ன காலத்துக்குள் அதே கிரேடில் தொழில்நுட்ப ஏணிக்குத் திரும்பலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

"இதை ஏற்கமாட்டேன் அக்கா. நான் ஆறு வருஷம் மேனேஜர். இப்பவும் வாரம் ஒருநாள் லேபில் உட்கார்றேன். கை போகவே இல்லை." (பாயான் லெப்பாஸ்)

உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லவில்லையே. நான்கைந்து பேர் என்றால் அந்த ஒருநாள் கிடைக்கும்; என்னிடம் பதினான்கு பேர் இருந்தார்கள், மதிப்பீட்டு மாதங்களில் ஆய்வகக் கதவைக்கூடப் பார்க்கவில்லை.

"ஐந்து பேர்தான். ஆனால் மனசு இருந்தால் முடியும்." (அதே வாசகர்)

மனம் எனக்கும் இருந்தது; நேரம்தான் இல்லை. வங்கி நண்பரின் துறையில் கருவிகள் எங்கள் துறையைவிட வேகமாக மாறக்கூடும். அங்கே எத்தனை ஆண்டுவரை தாங்கும் என்பதை அத்துறையினர்தான் சொல்ல வேண்டும்.

"எதில் பணம் அதிகம் வரும் மேடம்?" (ஷா ஆலாம்)

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

"எனக்கு 'டெக்னிக்கல் லீட்' பெயர் தர்றாங்க. ஆறு பேருக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கணும். கிரேடு மாறாது. நல்ல ஆரம்பம்தானே?" (சுங்கை பட்டாணி)

நான் இதே வலையில் விழுந்தேன், தம்பி. முன்பிருந்த ஒரு நிறுவனத்தில் ஆறு பேரின் வேலைக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். அவர்களின் மதிப்பீட்டிலோ விடுப்பிலோ எனக்குச் சொல் இல்லை. ஆண்டு முடிவில் மேலாளர் குழு என்னை "ஆட்களை நிர்வகிப்பவர் அல்ல" என்றது. தொழில்நுட்பக் குழு "அவர் கைப்பட்ட வேலை எங்கே" என்றது. இரண்டு ஏணியிலும் கால் இல்லாமல் ஓராண்டு போயிற்று. ஆறு பேரின் மதிப்பீட்டில் உங்கள் கையொப்பம் உண்டா, உங்கள் சொந்தத் தொழில்நுட்ப வேலைக்கு வாரத்தில் எத்தனை நாள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், இருக்கும் இடத்திலேயே இருந்து உங்கள் ஊசித் தடையை அளந்துகொண்டிருங்கள்.