மணிக்கு முக்கால் மில்லி

“எங்க மாமாவுக்கு (மாமனார்) உணவுக்குழாயில் கேன்சர். வலிக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு ஆறு கொடுத்துட்டு இருந்தோம். இப்போ தண்ணிகூட இறங்கல, குமட்டலும் இருக்கு. நர்ஸம்மா நாளைக்கு வந்து, தோலுக்கு அடியில மருந்து போற சிரிஞ்ச் டிரைவர் வைக்கப்போறதா சொல்லியிருக்காங்க. மருந்து கூடிப்போனாலோ குறைஞ்சுபோனாலோ எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல கரண்ட்டும் நிலையில்ல.”
- அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி

கூடினாலும் குறைந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது சிரிஞ்சின் மேல் அச்சடித்திருக்கும் கோடுகள்தான். சிரிஞ்ச் டிரைவர் என்பது சிரிஞ்சை மெல்ல மெல்லத் தள்ளும் ஒரு மெஷின். அதன் திரையில் தெரியும் எண் தப்பாக இருக்கலாம், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே தப்பான வேகத்தில் மருந்து போகலாம். கோடும் சுவர்க்கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு நர்ஸாக இருக்க வேண்டியதில்லை. அதை எப்படிப் பார்ப்பது என்பதை, உங்கள் மாமாவின் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். டாக்டர் எழுதித் தந்த சீட்டில் இருக்கும் அளவுதான் முடிவானது. நான் சொல்வது அந்தச் சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்காக.

வாய்வழி போகும் மார்ஃபினில் ஒரு பகுதியைக் கல்லீரல் வழியிலேயே கழித்துவிடும். தோலுக்கு அடியில் போட்டால் அந்தக் கழிவு இல்லை. அதனால் ஒரு நாள் மாத்திரை அளவைப் பாதியாக்குவது வழக்கம். மாமாவுக்கு ஆறு மாத்திரை, 60 மில்லிகிராம். ஊசியில் அது 24 மணி நேரத்துக்கு 30 மில்லிகிராம். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு 30 மில்லிகிராம் சேர்ப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் ஒரே சிரிஞ்சில் ஒத்துப்போகும். வயிறு முறுக்கி வலித்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் மட்டும் மெட்டோகுளோபிரமைடு ஆகாது. அப்படி இருக்கிறதென்றால் நர்ஸ் வந்ததும் முதல் பேச்சாக அதைச் சொல்லிவிடுங்கள்.

நாளைக்கு நர்ஸ் வந்ததும் மெஷினை வெளியே எடுப்பதற்கு முன்னால், வீட்டில் என்னென்ன மருந்து ஓடுகிறது என்று கேட்பார். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். தோள்பட்டையிலோ முதுகிலோ வலிக்கான பேட்ச் ஒட்டியிருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். எப்போதோ ஒட்டி மறந்துபோன பேட்ச், மெஷின் ஓடும்போதும் தன் பாட்டுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கும். மெஷின் ஆரம்பித்த பிறகு மீதி மார்ஃபின் மாத்திரையைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். ராத்திரி கண்விழித்திருக்கும் ஒருவர் வழக்கப்படி ஒன்றைக் கரைத்து ஊற்றிவிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

அடுத்து குப்பிகள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒவ்வொரு குப்பியின் கழுத்துக்குக் கீழே உள்ள எழுத்தையும் நர்ஸ் உரக்க வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இன்னொரு நர்ஸ் கூட நின்று சரிபார்ப்பார். வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மார்ஃபின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள குப்பியும் வருகிறது, 15 உள்ளதும் வருகிறது. 10 என்றால் மூன்று குப்பி, 15 என்றால் இரண்டு. போன மாதம் மூன்று உடைத்தோம் என்ற ஞாபகத்தில் 15 உள்ளதில் மூன்று உடைத்தால் 45 ஆகிவிடும். உங்களுக்கு 10 உள்ளதே வந்திருக்கிறதென்றால் மார்ஃபின் 3 மில்லி. மெட்டோகுளோபிரமைடு 10 மில்லிகிராம் உள்ள 2 மில்லி குப்பி மூன்று, ஆக 6 மில்லி. இரண்டும் சேர்ந்து 9. அதோடு ஊசிக்கான டிஸ்டில்ட் வாட்டர் 9 மில்லி சேர்த்து, 20 மில்லி சிரிஞ்சில் 18 வரை நிரப்பலாம். சில மெஷின்களில் 18 வரை இழுத்த சிரிஞ்ச் உட்காராது. அதற்கு 17 வரை நிரப்புவார்கள், அப்போது கணக்கும் மாறும்.

18 மில்லி 24 மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு முக்கால் மில்லி. திரையில் 0.75 ml/h என்று வரும். நான்கு மணி நேரத்துக்கு 3 மில்லி. காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் மதியம் 2 மணிக்கு 15, சாயங்காலம் 6 மணிக்கு 12, ராத்திரி 10 மணிக்கு 9, விடிகாலை 6 மணிக்கு 3. இந்த எண்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் நாள் மட்டும் கொஞ்சம் முந்தும். குழாயை மருந்தாலேயே நிரப்ப வேண்டும். அதற்கு 0.6 மில்லி போனால் சிரிஞ்ச் 17.4-இல்தான் ஆரம்பிக்கும், மறுநாள் சுமார் 50 நிமிஷம் முன்னாடியே தீரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டில் பதறுவார்கள்.

கோட்டைப் பார்க்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷம் முன்னால், சேரன்மகாதேவி பக்கம் ஒரு வீட்டில் காலையில் மெஷின் வைத்துவிட்டு வந்தேன். மதியம் அந்தப் பாட்டியின் பேத்தி, பத்தாவது படிக்கிற பிள்ளை, போன் செய்தாள். “சிஸ்டர், 15-ல இருக்கணும்னு சொன்னீங்கள்லா, 13-க்கும் கீழ இருக்கு” என்றாள். திரையில் வேகம் 0.75 என்றுதான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், மெஷின் சிரிஞ்சின் அளவைக் கேட்டபோது 20-க்குப் பதில் 10 என்று உறுதிசெய்திருக்கிறேன். மெஷின் தள்ளுவது பின்தண்டை மட்டும்தான். சிரிஞ்ச் எவ்வளவு பருமன் என்று நாம் சொல்கிறோமோ, அதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் தள்ளுவது என்று கணக்குப் போடும். ஒல்லிச் சிரிஞ்ச் என்று சொன்னதால் தூரம் அதிகமாகத் தள்ளியிருந்தது. பாட்டி தூக்கக் கலக்கத்தில் இருந்தார், கூப்பிட்டதும் கண் திறந்தார். நிறுத்தி, டாக்டரிடம் பேசி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டோம். அந்தப் பிள்ளை கோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் மறுநாள் காலையில்தான் போயிருப்பேன்.

அதனால் நர்ஸ் சிரிஞ்சைப் பொருத்தும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். உடலை ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும், காதுபோல் நீட்டியிருக்கும் விளிம்பு அதற்கான பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும், பின்தண்டு தள்ளும் பகுதியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். திரையில் வரும் கம்பெனிப் பெயரும் அளவும் சிரிஞ்சில் அச்சடித்திருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று சேர்ந்து வாசியுங்கள். பெயர், மருந்து, அளவு, தேதி, நேரம் எழுதிய லேபிள் சிரிஞ்சில் இருக்கும். அது கோடுகளை மறைக்கவும் கூடாது, பிடி உட்காரும் இடத்தில் வரவும் கூடாது.

ஊசி போடும் இடம் மாமாவுக்குக் காரை எலும்புக்குக் கீழே மார்பின் மேல்பக்கம் வசதி. வீங்கிய கால், கதிர்வீச்சு கொடுத்த தோல், எலும்பு துருத்தும் இடம் ஆகாது. மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியைச் சாய்வாக ஏற்றி, குழாயை ஒரு சுருள் சுற்றி, மேலே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். இழுபட்டால் அந்தச் சுருள்தான் இழுபடும், ஊசி அசையாது. உலோக ஊசி மூன்று நாள் தாங்கும். சிவந்தாலோ, கல்போல் தடித்தாலோ, ஈரம் கசிந்தாலோ அன்றைக்கே இடம் மாற்ற வேண்டும். இதை ஏன் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மணிக்கு முக்கால் மில்லி என்பது மிக மெதுவான ஓட்டம். குழாய் மடங்கி அடைத்தால்கூட அழுத்தம் ஏறி மெஷின் கத்துவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். மெஷின் சத்தம் போடவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். கோடு நகரவில்லையா, முதலில் குழாயில் உள்ள கிளிப் மூடியிருக்கிறதா, குழாய் மாமாவின் தோளுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கலங்கியோ துகளாகவோ தெரிந்தாலும் கிளிப்பை மூடிவிட்டுப் போன் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. குழாய் உடம்பில் இருக்கும்போது சிரிஞ்சை மெஷினிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றிய சிரிஞ்சைக் கை தெரியாமல் அழுத்தினாலும், உயரத்தில் வைத்தாலும், ஒரு நாள் மருந்து சில நிமிஷத்தில் இறங்கிவிடும். கழற்றத்தான் வேண்டுமென்றால் நர்ஸ் முதலில் ஊசிப் பக்கத்துக் கிளிப்பை மூடுவார். மெஷினை ஜன்னல் திட்டிலோ அலமாரியிலோ வைக்காமல், துணிப்பையில் போட்டுக் கட்டிலில் மாமாவின் பக்கத்திலேயே வையுங்கள். வெயிலும் படாது.

ஆரம்பித்த முதல் நான்கு மணி நேரம் வலி முழுதாக அடங்காது, மருந்து உடம்பில் சேர அவ்வளவு நேரம் வேண்டும். அந்த இடைவெளிக்கும், பின்னால் திடீரென்று வரும் வலிக்கும் ஒரு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிகிராம், தனி ஊசியாகப் போட டாக்டர் எழுதித் தருவார். அதற்கு வேறு இடத்தில் இன்னொரு பட்டர்ஃபிளை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மெஷினின் குழாய் வழியாகத் தள்ளினால் அதற்குள் நிற்கும் மருந்தும் சேர்ந்து இறங்கும். மெஷினே கிடைக்காத ஊர்களில் இதே ஏற்பாட்டில்தான் சமாளிக்கிறோம். 30 மில்லிகிராமை ஆறாகப் பிரித்து, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பட்டர்ஃபிளை வழியாக 5 மில்லிகிராம்.

கரண்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். கையடக்க டிரைவர் என்றால் அதற்குக் கரண்ட் வேண்டாம், கார்ட்லெஸ் மைக்கில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். தினமும் ஆரம்பிக்கும் முன் எவ்வளவு மீதி என்று திரையில் பார்த்து, பாதிக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஏற்றும் பேட்டரி வேண்டாம், திடீரென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பெரிய பம்ப்பைத் தந்தார்கள் என்றால், பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று நர்ஸ் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நின்றாலும் வலி உடனே பாய்ந்து வராது, தோலுக்கு அடியில் கொஞ்சம் மருந்து தேங்கியிருக்கும். விட்டுப்போனதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து.

மருந்து கூடியதை ஆளிடம் எப்படி அறிவது? தூக்கம் மட்டும் அடையாளம் இல்லை. பல நாள் வலியில் தூங்காதவர் முதல் நாள் நன்றாகவே தூங்குவார். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்காமல் இருப்பது, ஒரு முழு நிமிஷம் எண்ணினால் மூச்சு எட்டுக்கும் குறைவாக வருவது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவது, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, இவைதான் அடையாளம். சிறுநீர் குறைந்துபோனவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும், அளவு மாறாமலே இப்படி வரலாம். நிறுத்தும் பட்டனை அழுத்தி, கிளிப்பை மூடி, உடனே போன் செய்யுங்கள். நர்ஸின் எண்ணும் ராத்திரி கூப்பிட வேண்டிய எண்ணும் சுவர்த் தாளிலேயே இருக்கட்டும். கடைசி நாட்களில் மூச்சு விட்டுவிட்டு வருவது நோயின் போக்கிலும் நடக்கும். அது எது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அந்த நேரத்தில் கோடு எந்த எண்ணில் இருக்கிறது என்று சொன்னால் போனிலேயே எங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

ஒருவேளை மெஷின் ஓடும்போதே மாமா போய்விட்டால், நிறுத்தும் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு அப்படியே வையுங்கள். குளிப்பாட்ட அவசரப்படுத்துவார்கள், நர்ஸ் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். மீதி எத்தனை மில்லி என்று எழுதி, சிரிஞ்சில் உள்ளதை அவர் முறைப்படி அழிப்பார். உடைக்காத மார்ஃபின் குப்பிகளையும் பிரிக்காத மாத்திரை அட்டைகளையும் எண்ணி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.