கத்துபவரிடம் குரல் உயர்த்தாமல் பேசுவது: ஏடிஎம் புகார் அழைப்பு ஒன்றை முன்வைத்து

கேள்வி: வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏடிஎம்மில் பணம் வராதவர்கள் அழைத்துக் கத்தும்போது என் குரலும் தானாக உயர்ந்துவிடுகிறது. இதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்:

சென்னையில் ஒரு வங்கியின் சேவை மையத்தில், அழைப்புப் பதிவுகளைக் கேட்டு மதிப்பிடுவது என் வேலை. பதிவைக் கணினியில் திறந்தால் வாடிக்கையாளரின் குரல் ஒரு கோட்டிலும் ஊழியரின் குரல் இன்னொரு கோட்டிலும் அலைகளாகத் தெரியும். ஊழியரின் குரல் எங்கே ஏறுகிறது என்பதைக் காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். திட்டு விழும் இடத்தில் அது ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஊழியர் ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார், வாடிக்கையாளர் குறுக்கே பேசுவார், தொடங்கியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஊழியரும் விடாமல் பேசுவார். இரண்டு குரலும் மோதிக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில்தான் ஏறுகிறது. ஏறிய குரல் பிறகு எளிதில் இறங்குவதில்லை.

ஆகவே முதலில் பழக வேண்டியது, வாடிக்கையாளர் குறுக்கிட்ட கணமே பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவது. வாயில் இருக்கும் சொல்லைக்கூட முடிக்க வேண்டாம். அவர் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு அளவு இடைவெளி விடுங்கள். உடனே பாய்ந்தால் அவர் இன்னும் முடிக்கவில்லை என்று மறுபடி தொடங்கிவிடுவார். பிறகு பேசும்போது விட்ட வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். “நான் சொல்ல வந்தது என்னவென்றால்” என்று ஆரம்பித்தாலே, அவர் பேசியது வீண் என்று அவரிடமே சொன்னதாகிவிடும். அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது விஷயம் காதில் இருக்கிறது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் உரக்கப் பேசுவான். 1911-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டின் பெயராலேயே இன்று இது அறியப்படுகிறது. பலர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசும் நமது அறையில் இது நாள் முழுவதும் நடக்கிறது. காதுக்குள் ஒருவர் கத்தினால் இன்னும் அதிகமாக நடக்கும். எனவே அவர் குரலை உயர்த்தியதும் ஹெட்செட்டின் ஒலியளவை இரண்டு படி குறைத்துவிடுங்கள். அவர் சொல்வது அப்போதும் தெளிவாகக் கேட்கும், உங்கள் குரல் முயற்சி இல்லாமலே இறங்கும். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக இருந்தால் உங்கள் மூச்சு மறுமுனையில் பெருமூச்சாகக் கேட்கும். சலித்துக்கொள்கிறீர்கள் என்று அவர் நினைத்துவிட்டால் அந்த அழைப்பை மீட்பது கடினம்.

இவ்வளவு செய்தாலும், சொல்வதற்குக் கையில் எதுவும் இல்லாதவர் குரல் ஏறத்தான் செய்யும். விஷயம் தெரிந்தவருக்குச் சத்தம் தேவைப்படாது. நீங்கள் கேட்ட ஏடிஎம் புகாரையே எடுத்துக்கொள்கிறேன். விவரங்களை விளக்குவதற்காக நானே அமைத்திருக்கிறேன், ஆனால் இந்த வகை அழைப்பு வராத நாளே இல்லை.

ஒருவர் 3-ஆம் தேதி மாலை வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்க முயல்கிறார். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது, பணம் வரவில்லை, கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது. அன்றே அழைத்தபோது “24 மணி நேரத்தில் வந்துவிடும்” என்றார் ஒரு ஊழியர். இரண்டு நாள் கழித்து அழைத்தபோது “ஏழு வேலை நாள் ஆகும்” என்றார் இன்னொருவர். இன்று 12-ஆம் தேதி. மூன்றாவது முறையாக அழைக்கிறார், உங்களுக்கு வந்து சேர்கிறது. எடுத்த எடுப்பில் “உங்கள் வங்கியில் எல்லோரும் பொய்யர்கள்” என்கிறார்.

இந்த இடத்தில் “அமைதியாகப் பேசுங்கள் சார்” என்றால் அவர் கோபம் பணத்திலிருந்து உங்கள் மேல் திரும்பும். “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்பது தொலைக்காட்சி அறிவிப்பு. முதல் நிமிடம் அவர் பேசட்டும். நடுநடுவே “சொல்லுங்கள் சார்” என்று மட்டும் சொல்லுங்கள். முழு மௌனம் வேண்டாம், “லைனில் இருக்கிறாயா இல்லையா?” என்ற அடுத்த கோபத்தை அதுவே கொண்டுவரும். அந்த நேரத்தில் முந்தைய இரண்டு அழைப்புகளின் குறிப்பையும் திரையில் திறந்து படித்துவிடுங்கள். அவர் ஓய்ந்ததும் இப்படிச் சொல்லலாம்:

“சார், 3-ஆம் தேதி மாலை, வேறு வங்கி ஏடிஎம்மில், பத்தாயிரம் ரூபாய். நோட்டு எண்ணும் சத்தம் கேட்டிருக்கிறது, பணம் வரவில்லை, கணக்கில் கழிந்திருக்கிறது. இது உங்களுடைய மூன்றாவது அழைப்பு. இரண்டு முறையும் வெவ்வேறு கெடு சொல்லியிருக்கிறார்கள். சரிதானே சார்?”

அவர் “ஆமாம்” என்பார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்ததும் குரல் பாதி இறங்கும். நூற்றுக்கணக்கான பதிவுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். மன்னிப்பு கேட்க வேண்டியது இதற்குப் பிறகுதான், அதுவும் எதற்கு என்று சொல்லி: “உங்களுக்கு இரண்டு முறை தவறான கெடு சொல்லப்பட்டிருக்கிறது. அதற்காக வங்கியின் சார்பில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.” முந்தைய ஊழியரின் பெயரை இழுக்காதீர்கள்.

இப்போது விதி. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே இதையும் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கையாக வெளியிட்ட விதி இது. இங்கே நாள் என்பது நாட்காட்டி நாள், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தி. “ஏழு வேலை நாள்” என்பது 2011-இல் வந்த பழைய விதி. இன்னும் சிலர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பதிவுகளில் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்பவர் அப்படியே நம்பிக் காத்திருக்கிறார். இவருக்குக் கெடு 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று பணம் வரவானால் நான்கு நாள் தாமதம், 400 ரூபாய் இழப்பீடு சேர வேண்டும்.

இதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். ஆனால் “கண்டிப்பாக வந்துவிடும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த இயந்திரம் வேறு வங்கியுடையது. அதன் உள்பதிவையும், பெட்டியில் மீந்திருக்கும் பணத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணம் வெளியே வந்ததாகவே உள்பதிவு காட்டினால் கோரிக்கை மறுக்கப்படலாம். அப்படி மறுத்தால் அவர் கண்காணிப்புக் கேமரா பதிவைச் சரிபார்க்கக் கோரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். “பணம் வெளியே வரவில்லை என்று உறுதியானால், பத்தாயிரத்துடன் தாமத இழப்பீடும் உங்கள் கணக்குக்கு வரும்” என்பது நேர்மையான வாக்கியம். கோபமாக இருப்பவர் நிபந்தனையைத் தாங்கிக்கொள்வார். பொய்யான உறுதியை அடுத்த அழைப்பில் உங்கள் சக ஊழியர் தலையில் இறக்குவார்.

“ரிசர்வ் வங்கிக்கே போகிறேன்” என்பார். அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவருடைய உரிமை. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம் என்று அதே குரலில் சொல்லுங்கள். தடுப்பார்கள் என்று நினைத்தவருக்கு வழியைச் சொல்லிவிட்டால், வாதம் அங்கே நின்றுவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் கோபம் திரும்பி வரும். ஒன்று, அடையாளச் சரிபார்ப்பு. “பிறந்த தேதி சொல்லுங்கள்” என்று மொட்டையாகக் கேட்டால், “எத்தனை தடவை சொல்வது?” என்று வெடிப்பார். “உங்கள் கணக்கு விவரத்தை வேறு யாருக்கும் சொல்லிவிடக் கூடாது, அதற்காக ஒரே ஒரு கேள்வி” என்று காரணத்தை முன்னால் வையுங்கள். இன்னொன்று, ஹோல்டில் போடுவது. எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகே போடுங்கள். இரண்டு நிமிடம் என்று சொல்லி வேலை முடியாவிட்டாலும் இரண்டாவது நிமிடத்தில் திரும்பி வந்து இன்னும் நேரம் கேளுங்கள். அந்த இசையை அதிக நேரம் கேட்டவர் நீங்கள் ஓடிவிட்டதாகவே நினைப்பார்.

அவர் “நீ” என்று ஒருமையில் இறங்கினாலும் நீங்கள் “நீங்கள்”, “சார்” ஆகியவற்றிலிருந்து இறங்க வேண்டாம். ஆனால் வங்கியைத் திட்டுவது வேறு, உங்களையோ உங்கள் குடும்பத்தையோ ஆபாசமாகப் பேசுவது வேறு. குறிப்பாகப் பெண் ஊழியர்கள் இதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. “சார், உங்கள் புகாரை முடித்துக்கொடுக்க விரும்புகிறேன். இந்தச் சொற்கள் தொடர்ந்தால் அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்” என்று ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால், உங்கள் மையத்தின் நடைமுறைப்படி மேற்பார்வையாளரிடம் மாற்றுங்கள் அல்லது சொல்லிவிட்டுத் துண்டியுங்கள். எச்சரிக்காமல் துண்டித்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இரண்டு மடங்கு கோபத்தோடு வேறொருவருக்கு அழைப்பு வரும்.

அழைப்பை முடிக்கும் முன் புகார் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கணினியில் குறிப்பு எழுதுங்கள். “வாடிக்கையாளர் கோபமாக இருந்தார்” என்று எழுதினால் அடுத்த ஊழியருக்குப் பயமே தவிரப் பயன் இல்லை. “3-ஆம் தேதி, வேறு வங்கி ஏடிஎம், ரூ.10,000. கெடு 8-இல் முடிந்தது. முன்பு தவறான கெடு இரண்டு முறை சொல்லப்பட்டது, மன்னிப்பு கேட்கப்பட்டது. தாமத இழப்பீடு பற்றி நிபந்தனையுடன் சொல்லப்பட்டது. குறைதீர்ப்பாளர் வழி தெரிவிக்கப்பட்டது” என்று எழுதுங்கள். நான்காவது முறை அவர் அழைத்தால், எடுப்பவர் யாராக இருந்தாலும் விவரத்தை அவரே முதலில் சொல்ல முடியும்.