இருமொழி ஒப்பந்தத்தை ஒரே அட்டவணையில் வைப்பது: கேள்வி பதில்

வேர்டில் Columns போட்டு இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் வைத்திருக்கிறேன். போகப்போகத் தள்ளிப்போகிறது. நடுவில் Enter தட்டிச் சரிசெய்தால் போதும்தானே?

அடுத்த திருத்தம் வரும்வரைதான் அது நிற்கும். Columns செய்தித்தாள் பத்தி மாதிரி. முதல் பத்தி நிரம்பி அடுத்ததில் வழியும், எந்த உட்பிரிவு எதற்கு இணை என்று அதற்குத் தெரியாது. அட்டவணை போட்டு, எண் பெற்ற ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு வரிசை கொடுங்கள். தமிழ் நீண்டால் அந்த வரிசை மட்டும் உயரும், அடுத்தது இரு பக்கமும் ஒன்றாகத் தொடங்கும். வாக்கியத்துக்கு ஒரு வரிசை வேண்டாம். நீண்ட ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்ப்பாளர் இரண்டாக உடைப்பது சகஜம்.

இரண்டு கோப்பையும் சேர்க்கப் போகிறேன். ஆங்கிலத்தில் 64 பத்தி, தமிழில் 66. கண்ணால் தேடிச் சோர்ந்துவிட்டேன்.

எண்களை வைத்துத் தேடுங்கள். ஒவ்வொரு கோப்பின் நகலிலும் Alt+F11, Ctrl+G அழுத்தி, இந்த வரியைத் தட்டி Enter கொடுத்து, தானியங்கி எண்களை எழுத்தாக மாற்றுங்கள்:

```
ActiveDocument.ConvertNumbersToText
```

பெரும்பாலும் எண்ணுக்குப் பின் ஒரு Tab இருக்கும். அதனால் எக்செலில் வெறும் எழுத்தாக ஒட்டினால் எண் தனி நெடுவரிசையில் விழும். இரண்டாம் வரிசையிலிருந்து A, B-யில் ஆங்கிலம், C, D-யில் தமிழ். ஒட்டும் முன் A, C இரண்டையும் Text ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் 7.10 என்பது 7.1 ஆகிவிடும், பிழை மறைந்துபோகும். பிறகு E2-வில்:

```
=A2=C2
```

கீழே இழுங்கள். முதல் FALSE மட்டும்தான் முக்கியம், அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் விளைவு. அங்கே ஆங்கிலத்தில் 7.2, தமிழில் எண் இல்லாமல் வாசகமே C-யில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழை வாசித்தால் ‘எனினும்’ என்று தொடங்கும், 7.1-இன் விதிவிலக்கை யாரோ Enter தட்டிப் பிரித்திருக்கிறார்கள். அதை மேல் வரிசையோடு இணைத்து, C, D-யை மட்டும் ஒரு படி மேலேற்றுங்கள். 65 ஆகிவிட்டது. செல்களை மேலேற்றினால் சூத்திரங்களும் இடம் மாறிவிடும், அதனால் E2-வை மீண்டும் கீழே இழுத்துவிட்டு அடுத்த FALSE-க்குப் போகலாம்.

அட்டவணையில் ஆங்கிலம் 1, தமிழ் 2, அடுத்த ஆங்கிலம் 3 என்று எண் ஓடுகிறது. கையாலேயே தட்டிவிடலாம் என்கிறார் நண்பர்.

சரிபார்க்கும் நகலுக்கு அவர் சொல்வது சரி. கையெழுத்தாகும் பிரதிக்கு வேண்டாம். நடுவில் ஒரு உட்பிரிவு சேர்ந்தால் ‘பிரிவு 9.3-இன்படி’ போன்ற குறிப்புகள் எல்லாம் பழைய எண்ணிலேயே நிற்கும். எண் 1, 2, 3 என்று குறுக்கே ஓடுவதற்கு, இரண்டு நெடுவரிசைக்கும் ஒரே பட்டியல் போவதுதான் காரணம். மொழிக்கு ஒரு தனிப் பட்டியல், அதற்கென்று தனி Style வையுங்கள்.

எங்களுடைய ஒப்பந்தத்தில் ஆங்கிலம் 30 நாள், தமிழ் 60 நாள் என்கிறது. இடப்பக்கம் இருப்பதுதானே செல்லும்?

பக்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எந்த மொழி மேலோங்கும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பொருந்தும் சட்டத்தைப் பொறுத்தது. வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சூத்திரம் உங்கள் வரிசைக்கும் TRUE என்றுதான் காட்டும். அதனால் வரிசைகள் பொருந்திய பிறகு தொகை, நாள், சதவீதம் மூன்றையும் வரிசை வரிசையாகக் கண்ணால் ஒப்பிடுகிறேன். ‘அல்ல’, ‘இன்றி’ விடுபட்டதைப் பிடிக்க, முழுதாக வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.