உண்டியலில் வந்தது யாருடைய ரூபாய்?

கேள்வி: நான் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மாதம் 1,500 திர்ஹம் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஊருக்குப் பணம் சேர்த்துவிடும் உண்டியல்காரர் ரூமுக்கே வந்து வாங்கிக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் மனைவியின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்துவிடும். ஃபீஸ் கிடையாது. போன மாதம் 24 ரூபாய் ரேட் போட்டு 36,000 ரூபாய் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் 20 திர்ஹம் பிடிக்கிறார்கள். இப்போது ஊரில் 5 சென்ட் இடம் வாங்க 25,000 திர்ஹம் மொத்தமாக அனுப்ப வேண்டும். அவரிடமே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாதாமாதம் கொடுப்பதையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்று முதலில் கணக்கிலிருந்தே பார்ப்போம்.

அதே நாளில் எக்ஸ்சேஞ்சில் என்ன ரேட் என்று நீங்கள் எழுதவில்லை. ஃபீஸை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். உண்டியல்காரருக்கு லாபம் ஃபீஸில் இல்லை, ரேட்டில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் ரேட் அன்றைக்கு 24.40 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 20 திர்ஹம், அதற்கு 5 சதவீத வாட் 1 திர்ஹம், ஆக 21 போய்விடும். மீதி 1,479 திர்ஹத்தை 24.40-ஆல் பெருக்கினால் 36,087 ரூபாய். ஃபீஸே இல்லை என்ற இடத்தில் உங்களுக்குக் கிடைத்தது 36,000. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அதிகம் கொடுத்தது ஃபீஸ் வாங்கிய எக்ஸ்சேஞ்சுதான்.

இப்போது 25,000 திர்ஹத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் 24 வீதம் 6,00,000 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் அதே 21 திர்ஹம் கழித்து 24,979-ஐ 24.40-ஆல் பெருக்கினால் 6,09,487 ரூபாய். ஒரே தடவையில் 9,487 ரூபாய் போகிறது. ஃபீஸ் தொகையோடு சேர்ந்து வளராது. ரேட்டில் விடும் 40 பைசாவோ ஒவ்வொரு திர்ஹத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும். இந்த ரேட்டில் சுமார் 1,280 திர்ஹத்துக்குக் கீழே அனுப்பினால்தான் உண்டியல் லாபம் போலத் தெரியும். மாதம் 500, 600 மட்டும் அனுப்புகிறவர்கள் மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பினால் அந்த லாபமும் இல்லாமல் போய்விடும்.

சில நாள் உண்டியல்காரர் எக்ஸ்சேஞ்சை விட அதிக ரேட் கொடுப்பார் என்பதும் உண்மை. அந்த அதிகப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நான் சொல்லப்போவது புரியும்.

நீங்கள் கொடுக்கும் திர்ஹம் ஊருக்கு வருவதே இல்லை. அது அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே இந்தியாவில் கணக்கில் காட்ட முடியாத ரூபாயை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் திர்ஹமோ டாலரோ வேண்டும் என்று ஒருவர் காத்திருப்பார். தங்கம் கடத்துகிறவராக இருக்கலாம், இறக்குமதிக்குக் குறைந்த விலையில் பில் போட்டுவிட்டு மீதியைத் திருட்டுத்தனமாகக் கட்டுகிறவராக இருக்கலாம். உங்கள் திர்ஹம் அவருடைய ஆளுக்குப் போகும். அவருடைய ரூபாய் உங்கள் மனைவிக்கு வரும். அவருக்கு அவசரம் அதிகமானால் ரேட் கூடும். அதாவது நல்ல ரேட் கிடைக்கும் நாளில், நம் வீட்டுக்கு வரும் ரூபாய் எப்படிப்பட்டது என்று இன்னும் அதிகமாகவே யோசிக்க வேண்டும்.

முன்பெல்லாம் பைக்கில் ஒருவர் வந்து, அடையாளத்துக்கு 10 ரூபாய் நோட்டின் நம்பரைச் சரிபார்த்துவிட்டு ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது அது வங்கிக் கணக்குக்கு மாறியிருக்கிறது. ஆபத்து கூடியதும் இதனால்தான். மனைவியிடம் பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 36,000 ஒரே வரவாக வந்திருக்காது என்று நினைக்கிறேன். 12,000 ஒரு பெயரில், 15,000 ஏதோ டிரேடர்ஸ் பெயரில், 9,000 இன்னொரு பெயரில் என்று வந்திருக்கும். அந்தப் பெயர்களில் ஒன்றையாவது அவருக்குத் தெரியுமா?

தெரியாத அந்தக் கணக்குகளில் பல வாடகைக் கணக்குகள், அதாவது காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் பயன்படுத்தக் கொடுத்தவை. ஆன்லைன் மோசடியில் ஏமாந்தவர்களின் பணமும் அவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது. எங்கோ ஒரு மாநிலத்தில் பணத்தை இழந்த ஒருவர் 1930-க்கு போன் செய்கிறார், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் போடுகிறார். அவருடைய பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எதற்கு, அதிலிருந்து எதற்கு என்று படிப்படியாகத் தேடிக்கொண்டே வருவார்கள். வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் வங்கி நிறுத்தி வைக்கும். சில சமயம் அந்தக் குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைப்பார்கள். சில சமயம் கணக்கிலிருந்து எதையுமே எடுக்க முடியாமல் முடக்கிவிடுவார்கள்.

என்னிடம் வந்த ஒரு அக்காவுக்கு இதுதான் நடந்தது. கணவர் குவைத்தில் இருக்கிறார். பள்ளி ஃபீஸ் கட்டுவதற்காக ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டிருக்கிறார், பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால் வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று ஒரு பேப்பரைக் காட்டினார்கள். அதில் குறித்திருந்த தொகை 8,500 ரூபாய். முடங்கியது முழுக் கணக்கும். அதற்குள் மகளிர் குழுக் கடன் தவணையும் திரும்பிவிட்டது.

இந்த மாதிரி முடக்கத்தை நீக்க, விசாரிக்கும் அதிகாரியிடம் அந்தப் பணம் எதற்காக வந்தது என்று காட்ட வேண்டும். கடைக்காரராக இருந்தால் பில்லைக் காட்டுவார். அந்த அக்கா எதைக் காட்டுவார்? அனுப்பியவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. “என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒருத்தரிடம் தினார் கொடுத்தார், இங்கே ரூபாய் வந்தது” என்று உண்மையைச் சொன்னால், அந்த வாக்குமூலமே இன்னொரு சட்டத்தில் மாட்டிவிடும்.

அந்தச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா என்று சொல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி, அவருக்காக இந்தியாவில் ஒருவர் பணம் வாங்குவதென்றால், அது அனுமதி பெற்ற வங்கியோ நிறுவனமோ வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. வெளிநாட்டிலிருந்து அதற்கு ஈடான பணம் முறைப்படி உள்ளே வராமல், இங்கே ரூபாய் மட்டும் கைமாறினால் மீறல்தான். தொகையைக் கணக்கிட முடிந்தால் அதைப் போல 3 மடங்கு வரை அபராதம் போடலாம். 6 லட்சத்துக்கு 18 லட்சம் வரை. அபராதம் போடுவார்கள் என்றால் யார் மேல் என்று பாருங்கள். ஷார்ஜாவில் இருக்கும் உண்டியல்காரர் அவர்கள் கைக்கு எட்டமாட்டார். பணம் வாங்கிய உங்கள் மனைவி எட்டுவார்.

அமீரகத்தில் மத்திய வங்கியில் பதிவு செய்துகொண்டு ஹவாலா, அதாவது இந்த உண்டியல் தொழில், நடத்துகிறவர்களும் உண்டு. அதைச் சொல்லி “நாங்கள் லைசென்ஸ் வைத்திருக்கிறோம்” என்று யாராவது நம்ப வைக்கலாம். அந்தப் பதிவு அந்த நாட்டுக்குள்தான் செல்லும், இந்தியச் சட்டத்தை மாற்றாது. பதிவில்லாமல் நடத்துவது அங்கேயே குற்றம். ரூமுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகிறவர் ரசீது கொடுப்பதில்லை என்றால் அவர் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் அவர் போனை அணைத்துவிட்டால், 25,000 திர்ஹத்துக்கு எந்த போலீஸிடம் என்ன காகிதத்தைக் காட்டிப் புகார் கொடுப்பீர்கள்?

சரி, இடத்து விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பும் பணத்துக்கு ரெஃபரன்ஸ் நம்பரோடு ரசீது இருக்கும், வங்கி வரவில் அனுப்பியவர் விவரம் இருக்கும். “இந்த 6 லட்சம் எங்கிருந்து வந்தது” என்று வருமான வரித்துறை நாளைக்குக் கேட்டால், வெளிநாட்டுச் சம்பளம் என்று இரண்டு தாளில் முடித்துவிடலாம். உண்டியல் பணத்துக்கு அந்தத் தாள் கிடையாது. உண்மையிலேயே உழைத்துச் சம்பாதித்த பணம், விளக்கம் சொல்ல முடியாத பணமாக வரிக் கணக்கில் நிற்கும். இடம் வாங்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் கைமாறக் கூடாது என்றும் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் விற்பவருக்கும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

இன்னொன்று, பலர் பத்திரம் முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர் வீட்டு மனை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. அந்த 5 சென்ட் நஞ்சையா, புஞ்சையா, அங்கீகரித்த மனையா என்று பட்டாவில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பெயரில் ஒரு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் அங்கே சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் கணக்கு அது. பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள், பல வங்கிகள் அங்கிருந்தே தொடங்கித் தருகின்றன. அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவும் தடை இல்லை. பழைய சாதாரண சேமிப்புக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதை, வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வீட்டுச் செலவுக்கு மனைவியின் கணக்குக்கே எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பலாம். கணவர் கொடுக்கும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை.

எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஒரே ரேட் போடுவதில்லை. இரண்டு இடத்தில் கேளுங்கள். “ரேட் என்ன, ஃபீஸ் என்ன” என்று தனித்தனியாகக் கேட்காமல், “25,000 திர்ஹம் மொத்தமாகக் கொடுத்தால் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்” என்று கேளுங்கள். ரூபாயாகவே அனுப்புகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டாலராகப் போனால் இடையில் இருக்கும் வங்கி கொஞ்சம் பிடிக்கும், இங்கே மாற்றும்போது ஜி.எஸ்.டி. கொஞ்சம் போகும். பஸ் பிடித்துப் போவதுதான் சிரமம் என்றால், எமிரேட்ஸ் ஐ.டி.யோடு ஒரு தடவை நேரில் போய்ப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் எக்ஸ்சேஞ்சின் ஆப்பிலேயே அனுப்பலாம்.

மனைவியின் கணக்கில் இதுவரை தெரியாதவர்களிடமிருந்து வந்த வரவுகளுக்கு ஸ்டேட்மென்ட் எடுத்து, உங்கள் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டு, ஊரில் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள். இனி அந்தக் கணக்குக்குத் தெரியாத பணம் வந்தால் செலவழிக்காமல் வங்கிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். “தவறி வந்துவிட்டது, வேறு நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்” என்று யாராவது போனில் கேட்டாலும் அனுப்ப வேண்டாம்.

25,000-ஐயும் ஒரே நாளில் அனுப்ப வேண்டியதில்லை. முதலில் 500 திர்ஹம் மட்டும் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்புங்கள். சொன்ன ரூபாய் குறையாமல் விழுந்திருக்கிறதா, உங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். விற்பவருக்குப் பணம் போகும்போது வங்கி தரும் பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்து, கிரயப் பத்திரத்தில் அதையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.