தலை சி.டி.யில் லென்ஸும் பிறையும்: ஒரு கேள்வி பதில்

பயிற்சி மருத்துவர்: தலைக்குள் கசிந்த இரத்தம் சி.டி.யில் லென்ஸ் வடிவம் என்றால் எபிடியூரல், பிறை வடிவம் என்றால் சப்டியூரல். தேர்வுக்கு இது போதும். இரவுப் பணிக்கும் போதும்தானே, சார்?

தேர்வுக்குப் போதும். இரவுப் பணியில் வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த வடிவம் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டியூரா என்னும் தடித்த உறை மண்டை ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலும்பு உடைந்து தமனி கிழியும்போது, வெளியேறும் இரத்தம் அந்த உறையை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டுதான் இடம் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவருக்குள் நீர் இறங்கினால் பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் உப்பி நிற்கிறதே, அதைப் போல இரத்தம் பக்கவாட்டில் ஓட வழியில்லாமல் உள்நோக்கிப் புடைக்கிறது. டியூராவுக்கு வெளியே நிற்கும் எபிடியூரலின் லென்ஸ் வடிவம் அப்படித்தான் உண்டாகிறது. எலும்புகள் இணையும் சூச்சர்களில் டியூராவின் பிடி இன்னும் இறுக்கமானது என்பதால், புடைப்பு பெரும்பாலும் அங்கே வந்து நின்றுவிடும்.

டியூராவுக்கு உட்பக்கத்தில் அப்படிப்பட்ட பிடிப்பு எதுவும் இல்லை. மூளையிலிருந்து பெரிய சிரைக்குழாய்களுக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் அறுந்தால், தட்டில் விரித்த வாழையிலைக்கு அடியில் ஊற்றிய நீரைப் போல இரத்தம் மூளையின் வளைவையொட்டிப் பரவுகிறது. அதுதான் சப்டியூரலின் பிறை. சூச்சர் அதற்கு ஒரு தடையே இல்லை. ஆனால் இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே இறங்கும் ஃபால்க்ஸ் மடிப்பை அது தாண்டாது. அதன் ஓரமாகவே படிந்து நீளும். ஆகவே படத்தைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, இந்த இரத்தம் எங்கே போய் நின்றிருக்கிறது என்பதைத்தான்.

சி.டி. டெக்னீஷியன்: டாக்டர் வருவதற்கு முன்னால் படத்தைப் பார்த்து நான்தான் போனில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கட்டும், ஐயா?

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த 24 வயது இளைஞர், இடது பொட்டில் அடி. வரும்போது பெயர், ஊர் எல்லாம் சொன்னவர், இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுத்து மயக்கநிலைக்குப் போகத் தொடங்கினார். முதலில் எலும்பு விண்டோவை, அதாவது எலும்பு தெளிவாகத் தெரியும் வெளிச்ச அமைப்பைப் பார்த்தோம். இடது பொட்டெலும்பில் ஒரு மெல்லிய முறிவுக்கோடு, நடு மெனிஞ்சியல் தமனி ஓடும் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. பிறகு அகலம் 80, மையம் 40 என்று மூளை விண்டோவுக்கு மாறியதும், அதே இடத்தில் இருபுறமும் குவிந்த வெண்ணிறத் திரட்சி தெரிந்தது. அதன் முன்முனை கொரோனல் சூச்சரில் கத்தரித்தாற்போல நின்றிருந்தது. வெண்மைக்கு நடுவே இரண்டு மங்கலான சுழல்கள் இருந்தன. உறையாத புது இரத்தம் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

அடுத்து அளவு. இரத்தம் மிகப் பெரிதாகத் தெரிந்த ஸ்லைஸில் நீளம் 6 செ.மீ., தடிமன் 2.2 செ.மீ.; 5 மி.மீ. ஸ்லைஸ்கள் பத்தில் தெரிந்ததால் உயரம் 5 செ.மீ. மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் 33 மி.லி. எபிடியூரல் 30 மி.லி.யைத் தாண்டினால் நோயாளியின் நினைவுநிலை எப்படி இருந்தாலும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதே 2006-இல் வெளியான வழிகாட்டுதல். நடுக்கோடும் 6 மி.மீ. விலகியிருந்தது. போனில் நீங்கள் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்: எந்தப் பக்கம், எவ்வளவு தடிமன், நடுக்கோடு எவ்வளவு விலகியிருக்கிறது, முறிவு உண்டா. ‘எபிடியூரல்’ என்ற பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அளவை விடாதீர்கள்.

ஒரு வாசகர்: என் தம்பிக்கு நேற்று நெற்றியில் ஆறு தையல் போட்டார்கள். இரத்தம் சூச்சரைத் தாண்டாது என்கிறீர்கள். அப்படியானால் உள்ளே பரவாது என்று நிம்மதியாக இருக்கலாமா?

இல்லை, ஐயா. அது வேறு, இது வேறு. தோலில் போடும் தையலையும் சூச்சர் என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. நான் சொல்வது மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பல்லிடுக்கிச் சேரும் இயற்கையான இணைப்புக்கோட்டை. தோலின் தையலுக்கும் உள்ளே இரத்தம் கசிவதற்கும் தொடர்பே இல்லை. தம்பிக்குத் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக அவர் தூங்கி வழிந்தாலோ, கை கால் பலவீனமாகத் தெரிந்தாலோ, தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பொது அறுவை மருத்துவர்: சூச்சரைத் தாண்டிய எபிடியூரலை நானே அறுவை அரங்கில் திறந்து பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த விதியை நம்பிப் பயனில்லை.

தாங்கள் பார்த்தது சரி. முடிவோடு மட்டும் உடன்பட முடியவில்லை. முறிவுக்கோடு சூச்சரின் ஊடாகவே ஓடினாலோ, அடிபட்ட வேகத்தில் சூச்சர் விரிந்துவிட்டாலோ, அங்கிருந்த டியூராவின் பிடியும் கிழிந்துபோகிறது. அதன்பின் இரத்தம் தாண்டத்தான் செய்யும். குழந்தைகளிடம் இதைக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். எலும்பு விண்டோவில் சூச்சர் இருபுறமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால், விதி ஏன் பொய்த்தது என்பது பல நேரங்களில் அங்கேயே தெரிந்துவிடும்.

உச்சந்தலை மற்றொரு விலக்கு. அங்கே எபிடியூரல் இரத்தம் சாஜிட்டல் சூச்சரின் இருபுறமும் பரவி, நடுவிலுள்ள பெரிய சிரைக்குழாயை எலும்பிலிருந்து கீழே தள்ளிவிடும். குறுக்கு ஸ்லைஸ்கள் உச்சியின் வளைவுக்கு ஏறக்குறைய இணையாகவே செல்வதால், அங்கு லென்ஸும் தெரியாது, பிறையும் தெரியாது. கடைசி இரண்டு மூன்று ஸ்லைஸ்களில் சற்று வெளுத்த ஒரு பட்டைதான் இருக்கும், அதையும் எலும்பின் நிழல் என்று எண்ணி நகர்ந்துவிடுவோம். தலையை முன்பாகம், பின்பாகம் என்று பிரித்து வெட்டிக் காட்டும் கொரோனல் படத்தைப் பார்க்காமல் உச்சந்தலை சரியாக இருக்கிறது என்று எழுதக் கூடாது என்பது என் பிடிவாதம்.

நரம்பியல் அறுவை முதுநிலை மாணவி: பின்தலை முறிவில் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் என்னும் சிரைக்குழாய் கிழிந்தால், எபிடியூரல் இரத்தம் சிறுமூளைக்கு மேல் கூரையாக விரியும் டென்டோரியத்துக்கு மேலும் கீழுமாக ஒரே தொடர்ச்சியாக நிற்கிறது. வடிவத்தைக் காட்டிலும் இதுதானே உறுதியான அடையாளம், சார்?

ஆம். அந்த இடத்தில் நானும் வடிவத்தைவிட இதையே நம்புவேன். சப்டியூரல் இரத்தம் டென்டோரியத்தின் மேல் படியும், அல்லது கீழ்ப்புறத்தில் நிற்கும். எலும்பையொட்டி ஒரே திரட்சியாக அதைக் கடந்து செல்லாது. சிரையிலிருந்து கசிவதால் இந்த எபிடியூரல் தமனிக் கசிவைவிட மெதுவாகத் திரளலாம். சில படங்களில் லென்ஸ் அவ்வளவு புடைப்பாகவும் இராது. பின்தலைக் குழியில் இடம் மிகக் குறைவு என்பதால், சிறியதாகத் தெரிகிறதே என்று அலட்சியம் செய்ய முடியாது என்பதைத் தாங்களே அரங்கில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு மகள்: அப்பாவுக்கு 76 வயது. கீழே விழுந்த நினைவே இல்லை. முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து எடுத்ததில் இரண்டு பக்கமும் சப்டியூரல் என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் ஏன் தெரியவில்லை, டாக்டர்?

முதல் படத்தை நான் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது, அம்மா. அதற்குப் பிறகு இரத்தம் சேர்ந்திருக்கவும் கூடும். அப்போதே இருந்தும் கண்ணுக்குத் தப்பியிருக்கவும் கூடும். எனக்கே அது நேர்ந்திருக்கிறது. புதிய இரத்தம், சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 60-க்கு அருகில், வெளுப்பாகத் தெரியும். நாள் ஆக ஆக அது மங்கி, ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் மூளையின் நிறத்தோடு ஒன்றிப்போகும் ஒரு கட்டம் வருகிறது. கடுமையான இரத்தசோகை உள்ளவருக்குப் புது இரத்தமே அப்படித் தெரியலாம். அந்தக் கட்டத்தில் பிறை அங்கேதான் இருக்கும், ஓரம்தான் தெரியாது.

நான் தவறவிட்டதும் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் இருந்த இரத்தத்தைத்தான். இரு பக்கமும் சமமாகத் தள்ளியதால் நடுக்கோடு நேராகவே இருந்தது. முதியவருக்கு இத்தனை நிறைவான மூளையா என்று வியந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அந்த வயதில் மூளை சுருங்கி, மடிப்புகளுக்கு இடையே கறுப்புப் பள்ளங்கள் எலும்பு வரை எட்டியிருக்க வேண்டும். அவருக்கு அவை எலும்புக்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுபோயிருந்தன. மறுநாள் காலை மற்றொருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன். அப்பாவின் முதல் படத்தை மருத்துவரிடம் காட்டி, பள்ளங்கள் எலும்பைத் தொடுகின்றனவா என்று கேளுங்கள். விண்டோவின் அகலத்தை 200 அளவுக்குக் கூட்டிப் பார்த்தால் மெல்லிய பிறைகள் எலும்பிலிருந்து பிரிந்து தெரிய வாய்ப்புண்டு. இன்னொன்று: பழைய சப்டியூரலுக்குள் சவ்வுகள் வளர்ந்து அறைகளாகப் பிரிந்தால் அது லென்ஸ் போலவும் உப்பும். இரண்டாவது அறிக்கையில் அப்படி எழுதியிருந்தாலும், எபிடியூரலோ என்று அஞ்ச வேண்டாம்.

பயிற்சி மருத்துவர் மீண்டும்: நேற்றிரவு ஒரு படம், சார். பொட்டெலும்பு முறிவுக்கு நேர் கீழே 4 மி.மீ. வெள்ளைப் பட்டை. முறிவு இருப்பதால் எபிடியூரல் என்றேன் நான்; பிறையாக இருப்பதால் சப்டியூரல் என்றார் சீனியர். யார் சொன்னது சரி?

4 மி.மீ.யில் இருவருக்குமே வெற்றி இல்லை. அவ்வளவு மெல்லிய எபிடியூரல் உப்ப இடமில்லாமல் பிறை போலவே தெரியும். முறிவுக்கு நேர் கீழே இருப்பதும், முனைகள் சூச்சருக்கு முன்பே நிற்பதும் உங்கள் பக்கம் சாய்கின்றன. ஆனால் அடிபட்ட இடத்திலேயே சப்டியூரலும் உண்டாகும். ‘எலும்பையொட்டிய மெல்லிய இரத்தக்கசிவு, முறிவுக்கு அடியில், 4 மி.மீ., நடுக்கோடு விலகவில்லை’ என்று எழுதி, ஆறு மணி நேரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குள் நினைவுநிலை குறைந்தால் உடனே எடுங்கள். எபிடியூரலாக இருந்து தமனி கசிந்துகொண்டிருந்தால் அது உப்பத் தொடங்கும். அப்போது வடிவமே பேசும்.

பயிற்சி மருத்துவர்: எடுத்தோம், சார். இப்போது 5 மி.மீ. நோயாளி நன்றாகப் பேசுகிறார். சீனியர் இன்னும் பிறை என்றே சொல்கிறார்.

இரண்டு ஸ்லைஸ்களுக்கு நடுவே 1 மி.மீ. வித்தியாசம் தலை சற்றுச் சாய்ந்திருந்தாலே வந்துவிடும். இரண்டு ஸ்கேனின் கொரோனல் படங்களையும் அருகருகே வைத்து, கீழ்முனை அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இந்த வழக்கு உங்களுக்கும் சீனியருக்கும் இடையே தீராமலே கிடக்கட்டும்.