பத்தாவது அடியில் என்ன நிலை? இருநிலை மார்க்கோவ் சங்கிலி: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: தேர்வில் 2×2 மாறுதல் அணி கொடுத்து P¹⁰ கேட்டார்கள். முதல் நிரை 0.8, 0.2. இரண்டாம் நிரை 0.3, 0.7. பத்து முறை பெருக்காமல் வழி உண்டா?

உண்டு. இரண்டு நிலை மட்டும் இருப்பதால் ஐகன் மதிப்புகளைத் தேட இருபடிச் சமன்பாடுகூட வேண்டாம். நிரைகளின் கூட்டல் 1 என்பதால் ஒரு மதிப்பு எப்போதும் 1. மூலைவிட்டத்தின் கூட்டல் 0.8 + 0.7 = 1.5, எனவே மற்றது 0.5. முதல் நிலையை விட்டு வெளியேறும் நிகழ்தகவை a என்றும், இரண்டாவதை விட்டு வெளியேறுவதை b என்றும் வைத்தால், அந்த இரண்டாவது மதிப்பு எல்லாக் கணக்கிலும் 1 − a − b தான்.

1-க்கு உரிய வெக்டர் (1, 1). 0.5-க்கு உரியது (2, −3), பெருக்கிப் பாருங்கள், (1, −1.5) வரும், சரியாகப் பாதி. இவற்றை நிரல்களாக அடுக்கி மூலைவிட்டமாக்கினால்:

```
S    = [ 1   2 ]      S⁻¹ = (1/5) [ 3   2 ]
       [ 1  -3 ]                  [ 1  -1 ]

Pⁿ = S · diag(1, 0.5ⁿ) · S⁻¹
   = [ 0.6  0.4 ]  +  0.5ⁿ · [  0.4  -0.4 ]
     [ 0.6  0.4 ]            [ -0.6   0.6 ]
```

கடைசி வடிவம்தான் கைக்கு வேண்டியது. முதல் துண்டு n எதுவானாலும் மாறாது. இரண்டாவது துண்டு அடிக்கு அடி பாதியாகத் தேய்கிறது. 0.5¹⁰ என்பது 1/1024. ஆகவே முதல் நிலையில் தொடங்கி பத்தாவது அடியில் அதே நிலையில் இருக்கும் நிகழ்தகவு 0.6 + 0.4/1024 = 0.6004. இரண்டாவதில் தொடங்கியிருந்தால் 0.6 − 0.6/1024 = 0.5994. எங்கே தொடங்கினோம் என்பது பத்து அடிக்குள் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது.

விடையை எழுதுமுன் n = 0 போட்டுப் பாருங்கள், அலகு அணி வரவேண்டும். n = 1 போட்டால் கொடுத்த P வரவேண்டும். குறி மாறியது, S⁻¹-இல் 1/5 விட்டுப்போனது எல்லாம் இந்த இரண்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

நிரலாளர்: இதே அணியை `np.linalg.eig(P)`-இல் போட்டேன். 1-க்கு உரிய வெக்டராக 0.7071, 0.7071 வந்தது. அப்படியென்றால் நீண்டகாலத்தில் பாதிக்குப் பாதிதானே? நீங்கள் 0.6, 0.4 என்கிறீர்களே?

பார்த்த இடம் சரி, பக்கம்தான் மாறிவிட்டது. அந்தக் கட்டளை தருவது வலப்பக்க வெக்டர், அதாவது Pv = v. அது (1, 1)-இன் மடங்கு என்பது ஒவ்வொரு நிரையும் கூட்டினால் 1 என்பதை மட்டுமே சொல்கிறது. அணிக்குள் என்ன எண்கள் இருந்தாலும் இதுதான் வரும். நீண்டகாலப் பங்கு இடப்பக்க வெக்டரில் இருக்கிறது: πP = π. மேலே S⁻¹-இன் முதல் நிரையைப் பாருங்கள், (3, 2)/5. அதுவேதான் 0.6, 0.4.

```
w, v = np.linalg.eig(P.T)
x = v[:, np.argmax(w.real)]
print(x / x.sum())      # [0.6 0.4]
```

கடைசி வரியின் வகுத்தலை விட்டுவிடாதீர்கள். numpy வெக்டரின் நீளத்தை 1 ஆக்குகிறது, கூட்டலை அல்ல. சில நேரம் இரண்டு எண்ணும் எதிர்மறையாகவே வரும். விடை சரியா என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள, முதல் நிலையிலிருந்து வெளியேறும் ஓட்டம் 0.6 × 0.2 = 0.12, திரும்பி வரும் ஓட்டம் 0.4 × 0.3 = 0.12. இரண்டும் சமமானால்தான் பங்கு நிலைத்து நிற்கும். பாதிக்குப் பாதி என்றால் 0.10-உம் 0.15-உம் வந்து இடித்திருக்கும்.

நிரலாளர் (மறுபடியும்): ஆனால் என் புத்தகத்தில் P.T இல்லாமலே சரியாக வருகிறதே?

அதில் நிரல்களின் கூட்டல் 1 என்று எழுதியிருப்பார்கள். அப்போது அணியே ஏற்கெனவே திரும்பி நிற்கிறது. இரண்டு வழக்கமும் புழக்கத்தில் உண்டு. நிரையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பராமரிப்புப் பொறியாளர்: எங்கள் இயந்திரத்துக்கும் இதே எண்கள் பொருந்துகின்றன. இன்று ஓடினால் நாளை ஓட 0.8, பழுதானால் மறுநாள் சரியாவதற்கு 0.3. அடுத்த 3 நாளும் ஓடுவதற்கு P³ போட்டேன், 0.65 வந்தது. சரிதானே?

0.65 சரியான எண்தான், ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. P³-இன் முதல் உறுப்பு, மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்குமா என்று மட்டும் பார்க்கிறது. நடுவில் என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை. நான்கு பாதைகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. மூன்று நாளும் ஓடுவது 0.512. முதல் நாள் ஓடி, இரண்டாம் நாள் பழுதாகி, மூன்றாம் நாள் ஓடுவது 0.048. முதல் நாள் மட்டும் பழுதானால் அதுவும் 0.048. இரண்டு நாள் பழுதாகக் கிடந்து மூன்றாம் நாள் எழுவது 0.042. கூட்டினால் 0.650. உங்களுக்கு வேண்டியது முதல் பாதை மட்டும், அதாவது 0.8³ = 0.512. அதற்கு மூலைவிட்டமாக்கலே தேவையில்லை.

பராமரிப்புப் பொறியாளர்: சரி. ஆனால் எங்களுக்குப் பழுதுபார்க்க எப்போதும் சரியாக 2 நாள்தான் ஆகும். 0.3 என்பது நான் சராசரியாகக் குத்துமதிப்பில் போட்டது.

அப்படியானால் இது இருநிலைச் சங்கிலியே அல்ல. b = 0.3 என்று எழுதினால், நேற்றுப் பழுதானதும் ஒரு வாரமாகக் கிடப்பதும் நாளை சரியாவதற்கு ஒரே வாய்ப்பு என்று சொன்னதாக ஆகிறது, சராசரியும் 1/0.3, மூன்று நாளுக்கு மேல். உங்களுடையதில் பழுதின் முதல் நாளும் இரண்டாம் நாளும் தனித்தனி நிலைகள். மூன்று நிலையாக்கினால் 1 போக மிச்சமிருக்கும் மதிப்புகள் λ² + 0.2λ + 0.2 = 0 என்பதன் மூலங்கள். அவை கலப்பெண்கள், எனவே நிகழ்தகவு சுழன்று சுழன்று அடங்கும். இரண்டு நிலையில் அப்படி ஒருபோதும் வராது, அங்கே இரண்டாவது மதிப்பு எப்போதும் மெய்யெண்தான். உங்கள் எண்களை வைத்துக்கொண்டு 0.65 என்று அறிக்கை எழுத வேண்டாம்.

கணித ஆசிரியர்: என் மாணவர் ஒருவருக்கு விடை ஏறி இறங்கி வருகிறது. எங்கோ குறி பிழை என்று திருப்பி அனுப்பினேன். சரிதானா?

அணியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. a + b ஒன்றைத் தாண்டினால் 1 − a − b எதிர்மறை, அப்போது ஏறி இறங்குவதுதான் சரியான விடை.

இதற்கு மார்க்கோவ் தாமே எடுத்த கணக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1913-இல் அவர் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ கவிதையிலிருந்து 20,000 எழுத்துகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் உயிரா மெய்யா என்று எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்கு அடுத்து உயிர் வருவது 0.128, மெய்க்கு அடுத்து உயிர் வருவது 0.663. ஆக a = 0.872, b = 0.663, இரண்டாவது ஐகன் மதிப்பு −0.535. நீண்டகாலப் பங்கு b/(a+b) = 0.432, 8,638-ஐ 20,000-ஆல் வகுத்தாலும் அதே 0.432.

இப்போது, ஓர் உயிரெழுத்திலிருந்து n எழுத்து தள்ளி உயிர் இருக்கும் நிகழ்தகவு 0.432 + 0.568 × (−0.535)ⁿ. வரிசையாக 0.128, 0.595, 0.345, 0.479, 0.407 என்று போகும். ஒற்றை அடியில் 0.432-க்குக் கீழே, இரட்டை அடியில் மேலே. உயிரும் மெய்யும் மாறி மாறி வர விரும்புவதை இந்த எதிர்மறைக் குறி அப்படியே காட்டுகிறது. இங்கே ஒவ்வொரு அடியிலும் விலகலின் அளவு 0.535 மடங்காகிறது; மாணவரின் தாளில் அது அவருடைய அணியின் |1 − a − b| மடங்காகக் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைந்தால் மதிப்பெண் கொடுங்கள். a = b = 1 என்றால் மட்டும் மதிப்பு −1; ஊசலாட்டம் அடங்கவே அடங்காது, Pⁿ-க்கு எல்லையும் கிடையாது.

நிரலாளர்: n முழு எண்ணாகத்தான் இருக்கணுமா? மாத அணியிலிருந்து அரை மாத அணி எடுக்க n = 0.5 போட்டால் போதாதா?

முதல் அணிக்குப் போதும். √0.5 = 0.707, முதல் உறுப்பு 0.6 + 0.4 × 0.707 = 0.883. எதிர்மறை மூலத்தை எடுத்தால் இரண்டாம் நிரையில் 1.024 என்று ஒன்றைத் தாண்டும், ஆகவே அது தள்ளுபடி. மார்க்கோவின் எழுத்துகளுக்கோ −0.535-க்கு மெய்யான வர்க்கமூலமே இல்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அரை எழுத்து இல்லையே, அதனால் அங்கே இழப்பு ஒன்றுமில்லை. மாதத் தரவில் மதிப்பு எதிர்மறையாக வந்தால், அதை அரை மாத இருநிலைச் சங்கிலியாகப் பிரிக்க முடியாது என்றே பொருள்.

மொழித் தரவில் வேலை செய்பவர்: 0.595 என்று எழுதினீர்கள். மார்க்கோவின் மூவெழுத்து எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது வராது. உண்மையில் இரண்டு எழுத்து தள்ளி உயிர் வருவது 0.50 தான்.

நீங்கள் சொல்வது சரி, இதை நானே முன்பே எழுதியிருக்க வேண்டிய இடம். அவர் கட்டுரையில் மூன்று உயிர் தொடர்வது 115, மூன்று மெய் தொடர்வது 505. மெய்–மெய் இணை 3,827. ஆகவே மெய்–மெய்–உயிர் 3,322. மெய்–உயிர் இணை மொத்தம் சுமார் 7,535. அதிலிருந்து அதைக் கழித்தால் உயிர்–மெய்–உயிர் 4,213. அதோடு 115 சேர்த்து 8,638-ஆல் வகுத்தால் 0.501. சங்கிலி சொன்னது 0.595. 0.432-இலிருந்து உள்ள விலகலை 0.568-ஆல் வகுத்து ஈரடித் தொடர்பாகப் பார்த்தால், (−0.535)² = 0.286 இருக்க வேண்டிய இடத்தில் 0.12 இருக்கிறது.

மூலைவிட்டமாக்கலில் பிழை இல்லை. எண்களை எவ்வளவு துல்லியமாகப் பெருக்கினாலும், அடுத்த எழுத்து முந்தைய ஒன்றை மட்டுமே பார்க்கிறது என்ற அனுமானம் இங்கே தாங்கவில்லை. ஒரு மெய்க்குப் பின் உயிர் 0.663, இரண்டு மெய்க்குப் பின் அது 0.868, முந்தைய எழுத்துக்கும் முந்தையதை எழுத்து நினைவில் வைத்திருக்கிறது. எந்தத் தரவிலும் செய்யக்கூடிய சோதனை இதுவே: ஓரடித் தொடர்பு λ என்றால் ஈரடித் தொடர்பு λ² பக்கத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் P¹⁰ என்பது அணியின் விடை, தரவின் விடை அல்ல.

மொழித் தரவில் வேலை செய்பவர்: அப்படியானால் நிலைகளை ஈரெழுத்து இணைகளாக்கி நான்கு நிலையாக எடுத்துவிடலாமே?

எடுக்கலாம், ஈரடி சரியாகிவிடும். மூவடியில் மீண்டும் இதே கேள்வி வரும், அங்கே இடைவெளி எவ்வளவு என்று மூன்றெழுத்துக் கணக்கு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நாலெழுத்து எண்ணிக்கை உங்களிடம் இருந்தால் போடுங்கள், பார்ப்போம்.